பக்க எண் இல்லாத மின்னூலை மேற்கோள் காட்டுவது எப்படி?

ஆய்வேட்டுக்காக ஒரு மின்னூலைப் படிக்கிறீர்கள். எடுத்தாள வேண்டிய வரி கிடைத்துவிட்டது. அடிக்குறிப்பில் 'ப.' என்று தட்டிவிட்டு எண்ணைத் தேடினால், திரையில் பக்க எண்ணே இல்லை. அல்லது ஏதோ ஓர் எண் இருக்கிறது, ஆனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியதும் அது மாறிவிடுகிறது. முதல்முறை மின்னூலை மேற்கோள் காட்டுகிற எல்லா மாணவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். சிலர் திரையில் கண்ட எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சிலர் எண்ணே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

பக்க எண்ணை எதற்காகக் கொடுக்கிறோம் என்று பார்த்தால் வழி தெரிந்துவிடும். நம் கட்டுரையைப் படிப்பவர் அந்த நூலைத் திறந்து, நாம் பார்த்த அதே வரியைத் தானும் பார்க்க வேண்டும். அச்சு நூலில் அந்த வேலையைப் பக்க எண் செய்கிறது. மின்னூலில் பக்கம் நிலையாக இல்லாததால், நூலோடு ஒட்டிக்கொண்டு எங்கும் போகிற வேறோர் அடையாளம் வேண்டும். பாகம், அத்தியாயம், உட்தலைப்பு, பத்தி ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றை ஆசிரியரோ பதிப்பாசிரியரோ நூலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். எந்தக் கருவியில் திறந்தாலும் அவை இடம் மாறுவதில்லை.

முதலில், பக்கம் ஏன் நிலையாக இல்லை என்று பார்த்துவிடுவோம். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மின்னூல்கள் இபப் வடிவிலோ கிண்டில் வடிவிலோ வருகின்றன. இவற்றில் நூலின் உரை ஒரே நீளமாக, இணையப் பக்கம் போல வைக்கப்பட்டிருக்கும். வரி எங்கே முறிய வேண்டும், ஒரு திரையில் எத்தனை வரி நிற்க வேண்டும் என்பதை அந்தந்த நேரத்தில் கருவிதான் முடிவுசெய்கிறது. கைபேசியில் 900 திரைகளாக விரியும் நூல், பெரிய டேப்லெட்டில் 300 திரைகளில் அடங்கிவிடலாம். எழுத்தின் அளவு, ஓர இடைவெளி, எழுத்துரு என்று எதை மாற்றினாலும் கணக்கு மாறும். ஆகவே உங்கள் கைபேசி காட்டும் '412' என்ற எண் உங்கள் கைபேசிக்கு மட்டுமே சொந்தம். உங்கள் நெறியாளரின் கணினியில் 412ஆம் திரையில் வேறு எதாவது இருக்கும்.

சரி, திரையில் தெரியும் எண் நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தின் அளவை இரண்டு மூன்று படி கூட்டிப் பாருங்கள். எண் மாறினால் அது திரை எண்; அதை விட்டுவிடலாம். மாறாவிட்டாலும் உடனே நம்பிவிடக் கூடாது. சில படிப்புச் செயலிகள் கோப்பின் அளவைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு 'பக்கம்' என்று எண்ணுகின்றன. அந்த எண் எழுத்தளவுக்கு ஏற்ப மாறாது. ஆனாலும் அச்சு நூலின் பக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

உண்மையான அச்சுப் பக்க எண்கள் உள்ள மின்னூல்களும் இருக்கின்றன. இபப் கோப்பில், அச்சுப் பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறது என்று பதிப்பாளர் குறித்துவைக்க வழி உண்டு. கிண்டிலும் 2007இல் வந்தபோது, நூலுக்குள் ஓர் இடத்தைக் குறிக்கும் 'லொகேஷன்' என்ற எண்ணை மட்டுமே காட்டியது. 2011இல்தான் சில நூல்களுக்கு அச்சுப் பக்க எண்ணைக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி இருந்தால், அமேசான் தளத்தில் அந்த நூலின் விவரப் பகுதியில் `Page numbers source ISBN` என்ற வரியில், எந்த அச்சுப் பதிப்பிலிருந்து அந்த எண்கள் எடுக்கப்பட்டன என்ற தகவல் இருக்கும். அந்த வரி இருந்தால் பக்க எண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது. இல்லையென்றால் மேலே படியுங்கள்.

லொகேஷன் எண்ணைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது எழுத்தளவுக்கு ஏற்ப மாறுவதில்லை. அதனால் பலர் அதைப் பக்க எண்ணுக்கு மாற்றாக எழுதிவிடுகிறார்கள். கணினியில் உள்ள கிண்டில் செயலியில் வரிகளை நகலெடுத்து ஒட்டினால், சில சமயம் நூல் விவரத்தோடு லொகேஷன் எண்ணும் சேர்ந்து வந்துவிடும். அதைப் பார்த்தும் இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கிண்டில் அல்லாத வேறு செயலியில் அதே நூலைப் படிப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆங்கில ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டப் பரவலாகப் பின்பற்றும் நடைகளில் ஏபிஏ, எம்எல்ஏ இரண்டும் லொகேஷன் எண்ணை வேண்டாம் என்றே சொல்கின்றன. சிகாகோ நடை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அங்கேயும் அத்தியாயத்துக்குத்தான் முதலிடம். '43 விழுக்காடு படித்தாயிற்று' என்று காட்டும் எண்ணையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிடலாம்.

இப்போது ஓர் உண்மையான எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வீராணம் ஏரி தமிழ் இலக்கியத்தில் எப்படி வருகிறது என்று ஒரு மாணவி கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்கியின் பொன்னியின் செல்வன் தொடக்கத்திலேயே அந்த ஏரி வந்துவிடுகிறது. வீரநாராயண ஏரி என்ற பழைய பெயர், தெற்கு வடக்கில் ஒன்றரைக் காத நீளம், கிழக்கு மேற்கில் அரைக் காத அகலம், பிற்காலத்தில் பெயர் சிதைந்து வீராணத்து ஏரி ஆனது என எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அந்த நீள அகலக் கணக்கை அவள் எடுத்தாள வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய இபப் கோப்புதான் அவளிடம் இருக்கிறது.

'கல்கி, அத்தியாயம் 1' என்று எழுதினால் போதுமா? போதாது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களால் ஆனது. ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் மறுபடி 1இலிருந்து தொடங்குகிறது. முதல் பாகமான புது வெள்ளத்தின் முதல் அத்தியாயம் 'ஆடித்திருநாள்'. இரண்டாம் பாகமான சுழற்காற்றின் முதல் அத்தியாயம் 'பூங்குழலி'. கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் ஆகியவற்றுக்கும் ஆளுக்கொரு முதல் அத்தியாயம் உண்டு. ஆக, 'அத்தியாயம் 1' என்றால் ஐந்து இடங்களில் தேட வேண்டியிருக்கும். பாகத்தின் எண்ணையும் சேர்த்தால்தான் இடம் உறுதியாகும்.

இன்னொரு சிக்கலும் இதில் ஒளிந்திருக்கிறது. ஐந்து பாகங்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்து வெளியிடும்போது, பொருளடக்கத்தில் அத்தியாயங்களுக்குத் தொடர் எண் போட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள் இருப்பதால், 'பூங்குழலி' அந்தக் கணக்கில் 58 ஆகிவிடும். மொத்தம் 293 வரை எண் ஓடும். உங்கள் கோப்பில் அப்படி இருந்தால், அத்தியாயத்தின் தலைப்புக்கு மேல் கல்கி கொடுத்த எண் என்ன என்று உள்ளே போய்ப் பாருங்கள். மேற்கோளில் அதைத்தான் எழுத வேண்டும். அத்தியாயத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. எண் குழம்பினாலும் பெயர் காப்பாற்றிவிடும்.

அடுத்த கேள்வி, அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா, பத்தி வரை போக வேண்டுமா என்பது. இதை அத்தியாயத்தின் நீளத்தை வைத்து முடிவுசெய்யலாம். ஒரு நாவல் அத்தியாயம் பத்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடியதாக இருந்து, நீங்களும் அதில் நடக்கும் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினால், அத்தியாய எண்ணே போதும். நேர் மேற்கோளாக ஒரு வரியை எடுக்கும்போதும், ஒரு குறிப்பிட்ட தகவலை நம்பி வாதத்தைக் கட்டும்போதும் பத்தியைச் சொல்வது படிப்பவருக்குச் செய்யும் உதவி. ஏரியின் நீள அகலம் அப்படிப்பட்ட தகவல்தான். நான் பார்த்த மின்பதிப்பில் அது முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி வாசகரை அழைப்பது முதல் பத்தி. 'தொண்டை நாட்டுக்கும்' என்று தொடங்குவது இரண்டாவது. எனவே கட்டுரைக்குள் இப்படி எழுதலாம்:

(கல்கி, பாகம் 1, அத்தியாயம் 1, பத்தி 2)

இதில் 'பத்தி' என்ற சொல்லைச் சுருக்காமல் முழுதாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தமிழ் ஆய்வேடுகளில் 'ப.' என்றால் பக்கம், 'பக்.' என்றால் பக்கங்கள் என்பது ஊறிப்போன வழக்கம். 'ப. 2' என்று எழுதினால் எல்லோரும் இரண்டாம் பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பாகத்துக்கும் அதே முதலெழுத்துத்தான். இடத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் அத்தியாயத்தை 'அத்.' என்று சுருக்கிக்கொள்ளலாம். பாகத்தையும் பத்தியையும் தொட வேண்டாம்.

பத்தியை எண்ணுவது கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து எண்ணும்போதுதான் கேள்விகள் வரும். தலைப்பையும் அதன் கீழே உள்ள அலங்கார வரிகளையும் எண்ண வேண்டாம். உரைநடை தொடங்கும் இடமே பத்தி 1. நூலின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகாமல், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதிதாக எண்ணுங்கள். அத்தியாயத்துக்குள் உட்தலைப்பு இருந்தால் அதிலிருந்து எண்ணுங்கள். 'பத்தி 147' என்று எழுதினால் எந்த வாசகரும் அத்தனை பத்தியை எண்ணிப் பார்க்க மாட்டார். பத்திக்கு நடுவே செய்யுளோ, உள்தள்ளி அச்சிட்ட நீண்ட மேற்கோளோ வந்தால், அதைத் தனிப் பத்தியாக எண்ணுவதா, முந்தைய பத்தியோடு சேர்ப்பதா என்று ஒருமுறை முடிவுசெய்துகொண்டு கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள். முதல் அடிக்குறிப்பிலேயே அந்த முடிவை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நாவலில் உரையாடல் நிறைந்த பகுதிகளில் பத்தி எண்ணுவது பெரும்பாலும் வீண் வேலை. ஒவ்வொருவர் பேச்சும் தனிப் பத்தியாக வருவதால் ஓர் அத்தியாயத்தில் நூற்றுக்கும் மேல் போய்விடும். போதாக்குறைக்கு, இணையத்தில் கிடைக்கும் கோப்புகளில் பத்திப் பிரிப்பு எப்போதும் ஒன்றுபோல இருப்பதில்லை. அச்சில் ஒரே பத்தியாக இருப்பது தட்டச்சில் இரண்டாக உடைந்திருக்கும். சில கோப்புகளில் இரண்டு பத்திகள் ஒட்டிப்போயிருக்கும். அந்த மாதிரி இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பத்தியின் முதல் இரண்டு மூன்று சொற்களைக் கொடுப்பது நல்லது:

(கல்கி, பாகம் 1, அத்தியாயம் 1, 'தொண்டை நாட்டுக்கும்' எனத் தொடங்கும் பத்தி)

கொஞ்சம் நீளம்தான். ஆனால் படிப்பவர் அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் தட்டினால் நேராக அங்கே போய்விடுவார். அச்சு நூலை வைத்திருப்பவரும் கண்ணாலேயே பிடித்துவிடுவார். எனக்கு எண்ணைவிட இதுவே பிடித்திருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு மரபும் உண்டு: பாட்டை முதற்குறிப்பு சொல்லி அடையாளம் காட்டும் பழக்கம் நமக்கு நெடுநாளாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒருங்குறியில் இல்லாத பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப் கோப்புகளிலும், வெறும் படமாக வருடி எடுத்த கோப்புகளிலும் தேடல் வேலை செய்யாது. அந்த வகைக் கோப்புகளுக்கு அத்தியாயமும் பத்தி எண்ணும்தான் கைகொடுக்கும்.

நீங்கள் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவராக இருந்தால், துறை கேட்கும் நடைக்கு ஏற்பச் சில விஷயங்கள் மாறும். முக்கியமான வேறுபாடு பத்தியைப் பற்றியது. ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு, எண்ணிடாத பத்திகளை நீங்களே எண்ணிக் கொடுக்கலாம் என்கிறது. எம்எல்ஏ அப்படி விடுவதில்லை. அத்தியாயமோ பத்தியோ, நூலிலேயே எண் அச்சாகியிருந்தால் மட்டும் கொடு, நீயாக எண்ணாதே என்பது அதன் நிலை. அதன் வாதத்திலும் நியாயம் இருக்கிறது: ஒருவர் எண்ணுவது போல இன்னொருவர் எண்ண மாட்டார். சிகாகோ நடை அத்தியாய எண்ணையோ பகுதித் தலைப்பையோ கொடுத்தால் போதும் என்று விட்டுவிடுகிறது.

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு நாவலை வைத்து இதைப் பார்க்கலாம். ஜேன் ஆஸ்டினின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவலில், டார்சி முதல்முறை எலிசபெத்திடம் தன் காதலைச் சொல்லும் காட்சி 34ஆம் அத்தியாயத்தில் வருகிறது. உங்கள் மின்பதிப்பு 2015இல் வெளியானது என்று வைத்துக்கொண்டால், மூன்று நடைகளிலும் மேற்கோள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
APA:      (Austen, 1813/2015, Chapter 34)
MLA:      (Austen, ch. 34)
Chicago:  Austen, Pride and Prejudice, chap. 34.
```

எம்எல்ஏ வரியில் உள்ள காற்புள்ளி சின்னதுதான், ஆனால் முக்கியமானது. அந்த நடையில் பெயருக்குப் பின் காற்புள்ளியும் இல்லாமல், சுருக்கமும் இல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் அது பக்கத்தைக் குறிக்கும். `(Austen 34)` என்று எழுதிவிட்டால், படிப்பவர் 34ஆம் பக்கத்தைத் தேடிப் போவார். அங்கே டார்சி அந்தப் பேச்சைத் தொடங்கியே இருக்க மாட்டார். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இந்த நாவலில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. 1813இல் இது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தொகுதிகளில் முறையே 23, 19, 19 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் எண் மறுபடி 1இலிருந்து தொடங்கும். பிற்காலத்தில் பல பதிப்புகள் மூன்றையும் சேர்த்து 61 வரை ஒரே தொடராக எண்ணிட்டன. எனவே ஒரு பதிப்பில் 34ஆம் அத்தியாயமாக இருப்பது, தொகுதி பிரித்த பதிப்பில் இரண்டாம் தொகுதியின் 11ஆம் அத்தியாயமாக இருக்கும். இரண்டுமே சரிதான். நீங்கள் எந்தப் பதிப்பைப் படித்தீர்களோ அதில் உள்ளபடி எழுதுங்கள். அந்தப் பதிப்பு எது என்பது துணைநூல் பட்டியலில் தெளிவாக இருந்தால் குழப்பம் வராது. அத்தியாயம் பக்கத்தைவிட நிலையானது என்றாலும், அதற்கும் பதிப்பு விவரம் தேவை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அத்தியாயங்களுக்கு எண்ணே இல்லாத நூல்களும் உண்டு. கட்டுரைத் தொகுப்புகளில் இது சாதாரணம். அங்கே கட்டுரையின் தலைப்பே உங்கள் முகவரி. தலைப்பு நீளமாக இருந்தால், அடையாளம் தெரியும் அளவுக்கு முதல் சில சொற்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் போதும். ஏபிஏ இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. முன்னுரை, பதிப்புரை, பின்னிணைப்பு போன்றவற்றை அந்தப் பெயராலேயே சொல்லுங்கள்: 'முன்னுரை, பத்தி 4'. எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை என்றால், இடத்தை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். 'ஊர்த் திருவிழாவை விவரிக்கும் இடத்தில் ஆசிரியர் கூறுவது' என்று எழுதுவதிலும் ஒரு வழிகாட்டல் இருக்கிறது.

பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை நமக்கு இந்தச் சிரமமே இல்லை. திருக்குறளை யாரும் பக்க எண் போட்டு மேற்கோள் காட்டுவதில்லை. குறள் எண் போதும். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' பாட்டை எடுத்தாண்டால், பாட்டு எண் 192, அடி 1 என்று எழுதிவிடுகிறோம். அது அச்சிலிருந்தாலும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பாக இருந்தாலும் அதே எண்தான். தொல்காப்பியத்துக்கு அதிகாரம், இயல், நூற்பா எண். ஏபிஏ போன்ற நடைகளும், செவ்வியல் நூல்களுக்கும் சமய நூல்களுக்கும் இப்படி வழிவழி வந்த எண் இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்கின்றன. ஆனால் உரையாசிரியரின் விளக்கத்தை எடுத்தாளும்போது பாட்டு எண் மட்டும் போதாது. எந்த உரை, எந்தப் பதிப்பு என்பதும் வேண்டும். 'நூற்பா 5 உரை' என்பது போல, உரை என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிடிஎஃப் கோப்பில் பக்கம் நிலையாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? பக்க எண்ணைக் கொடுக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். அச்சு நூலை வருடி எடுத்த கோப்பில், மென்பொருள் காட்டும் எண்ணும் தாளில் அச்சான எண்ணும் வேறுபடும். முகப்பு, பதிப்புரை, பொருளடக்கம் என்று முதலில் எண்ணிடாத 16 பக்கங்கள் இருந்தால், மென்பொருளில் 61 என்று காட்டுவது தாளில் 45ஆக இருக்கும். தாளில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். அடுத்து, மின்னூலாகவே வெளியான நூல்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் இபப் வடிவத்தோடு, ஏ4 தாள் அளவு பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்றும் கிடைக்கும். இரண்டு பிடிஎஃபிலும் பக்கம் நிலையானதுதான், ஆனால் இரண்டின் பக்க எண்களும் ஒத்துப்போகாது. ஏ4 கோப்பைப் பார்த்து நீங்கள் எழுதிய 'ப. 40', சின்னக் கோப்பை வைத்திருப்பவருக்கு உதவாது. இந்த வகை நூல்களுக்கு, பிடிஎஃப் கையில் இருந்தாலும்கூட அத்தியாயத்தைச் சொல்வதையே நான் பரிந்துரைப்பேன்.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று: மின்னூலில் படித்துவிட்டு, நூலகத்தில் அச்சு நூலைத் தேடி எடுத்து அதன் பக்க எண்ணைப் போட்டுவிடலாமா? போடலாம், ஆனால் அப்போது உங்கள் மூலம் அச்சு நூல். அந்த வரி அச்சில் அப்படியே இருக்கிறதா என்று நேரில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, துணைநூல் பட்டியலிலும் அச்சுப் பதிப்பின் விவரத்தையே கொடுக்க வேண்டும். பட்டியலில் மின்னூலையும் அடிக்குறிப்பில் அச்சுப் பக்கத்தையும் கலந்து எழுதுவதுதான் தவறு. இன்னொருவர் கட்டுரையில் பார்த்த பக்க எண்ணை, நூலைத் திறக்காமலே எடுத்துப் போடுவதும் அதே தவறுதான்.

துணைநூல் பட்டியலில் என்ன வர வேண்டும்? ஆசிரியர், நூல் பெயர், பதிப்பாளர் அல்லது வெளியிட்ட தளம், மின்பதிப்பு வெளியான ஆண்டு, இணையத்தில் கிடைத்ததென்றால் முகவரி. இவற்றோடு, அது மின்னூல் என்ற குறிப்பு. இந்தக் குறிப்பு விஷயத்திலும் நடைகள் வேறுபடுகின்றன. 2021இல் வந்த எம்எல்ஏ 9ஆம் பதிப்பில் `E-book ed.` என்று எழுதச் சொல்கிறார்கள். சிகாகோவில் வரியின் முடிவில் `Kindle` அல்லது `EPUB` என்று வடிவத்தைச் சொல்ல வேண்டும். ஏபிஏவில் உரை அச்சு நூலில் உள்ளது போலவே இருந்தால் வடிவத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதும்போது, நூல் பெயருக்குப் பின் 'மின்னூல், இபப் வடிவம்' என்று ஒரு சொற்றொடரைச் சேர்ப்பது என் வழக்கம். அடிக்குறிப்பில் பக்கம் ஏன் இல்லை என்பது அதைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்த வேலையில் நேரம் வீணாவது பெரும்பாலும் கட்டுரை எழுதி முடித்த பிறகுதான். குறிப்பேட்டில் வரியை மட்டும் எழுதிவைத்திருப்பார்கள். அது எந்த அத்தியாயம் என்பது நினைவில் இருக்காது. படிக்கும்போதே நான்கு விஷயங்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: கோப்பின் பெயரும் எங்கிருந்து எடுத்தது என்பதும், பாகமும் அத்தியாயமும், அத்தியாயத்தின் தலைப்பு, பத்தியின் முதல் மூன்று சொற்கள். திரை எண்ணோ லொகேஷன் எண்ணோ கண்ணில் பட்டால், உங்கள் வசதிக்காகப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அதே கருவியில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போக அது உதவும். ஆய்வேட்டுக்குள் மட்டும் அது வரக் கூடாது.

ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். வேறொரு கருவியில், முடிந்தால் வேறு வடிவத்தில், அதே நூலைத் திறந்து, உங்கள் அடிக்குறிப்புகளில் நாலைந்தை எடுத்து அவற்றை மட்டும் வைத்து வரியைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கிடைத்தால் அந்தக் குறிப்பு சரியாக இருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால், பாக எண் விடுபட்டிருக்கிறதா, அத்தியாய எண் பொருளடக்கத்தின் தொடர் எண்ணாக இருக்கிறதா, அந்தக் கோப்பில் பத்தி உடைந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பத்தி உடைந்திருந்தால், எண்ணை எடுத்துவிட்டு முதற்சொற்களைப் போட்டுவிடுங்கள்.